நூல் விலை இறங்கினால் ஆலையை ஓட்டுவதா, நிறுத்துவதா? செலவு அட்டவணையை வைத்து முடிவெடுப்பது: கேள்வி பதில்

வினாத்தாளில் உற்பத்தி அளவும் மொத்தச் செலவும் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

உற்பத்தி பூஜ்ஜியமாக இருக்கும் வரிசையிலிருந்து. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒன்றுமே உற்பத்தி செய்யாதபோதும் ஒரு செலவு எழுதியிருக்கிறதே, அதுதான் மாறாச் செலவு. அதை ஒவ்வொரு வரிசையின் மொத்தச் செலவிலிருந்தும் கழித்தால் மாறும் செலவு வந்துவிடும். பக்கத்துப் பக்கத்து இரண்டு வரிசைகளின் வித்தியாசம் இறுதிநிலைச் செலவு. மாறும் செலவை உற்பத்தியால் வகுத்தால் சராசரி மாறும் செலவு, மொத்தச் செலவை வகுத்தால் சராசரி மொத்தச் செலவு. இவ்வளவுதான் தேவை.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே அட்டவணையை வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 8 டன் வரை 40-ஆம் நம்பர் பருத்தி நூல் நூற்கக்கூடிய ஆலை. செலவெல்லாம் ஆயிரம் ரூபாயில். எண்கள் கணக்குக்காக நான் அமைத்தவை, இன்றைய சந்தை நிலவரம் அல்ல.

| உற்பத்தி (டன்) | மொத்தச் செலவு | மாறும் செலவு | இறுதிநிலைச் செலவு | சராசரி மாறும் செலவு | சராசரி மொத்தச் செலவு |
|---|---|---|---|---|---|
| 0 | 180 | 0 | – | – | – |
| 1 | 430 | 250 | 250 | 250 | 430 |
| 2 | 650 | 470 | 220 | 235 | 325 |
| 3 | 855 | 675 | 205 | 225 | 285 |
| 4 | 1,055 | 875 | 200 | 218.75 | 263.75 |
| 5 | 1,265 | 1,085 | 210 | 217 | 253 |
| 6 | 1,490 | 1,310 | 225 | 218.33 | 248.33 |
| 7 | 1,735 | 1,555 | 245 | 222.14 | 247.86 |
| 8 | 2,010 | 1,830 | 275 | 228.75 | 251.25 |

முதல் இரண்டு பத்திகள்தான் கொடுக்கப்பட்டவை. மற்றதெல்லாம் நாம் கழித்தும் வகுத்தும் எடுத்தவை. ஒரு வசதி: டன்னுக்கு ஆயிரம் ரூபாய் என்பதும் கிலோவுக்கு ஒரு ரூபாய் என்பதும் ஒன்றே. அதனால் கடைசி மூன்று பத்திகளையும் 'கிலோவுக்கு இத்தனை ரூபாய்' என்றே படிக்கலாம்.

நூற்பாலையை ஏன் எடுத்தீர்கள்? அது நிறைவுப் போட்டிச் சந்தைதானா?

அப்பழுக்கில்லாத நிறைவுப் போட்டி எங்கேயும் கிடையாது. ஆனால் நூல் சந்தை அதற்கு ஓரளவு பக்கத்தில் வருகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், ராஜபாளையம் என்று சுற்றி எண்ணற்ற ஆலைகள். 40-ஆம் நம்பர் நூல் என்றால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அது என்ன என்று தெரியும். அன்றைய விலை காலையிலேயே தொலைபேசியில் பரவிவிடும். தரத்திலும் கடன் தவணையிலும் ஆலைக்கு ஆலை கொஞ்சம் வித்தியாசம் உண்டுதான். ஆனாலும் ஒரு நடுத்தர ஆலை 'என் நூலுக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் கூடக் கொடு' என்று சொன்னால் வாங்குபவர் அடுத்த ஆலைக்குப் போய்விடுவார். நமக்கு வேண்டியது அந்த ஒரு குணம்தான்: விலையை ஆலை தீர்மானிக்க முடியாது, எத்தனை டன் என்பதை மட்டும்தான் தீர்மானிக்க முடியும். அதனால் கூடுதலாக ஒரு டன் விற்றால் கிடைக்கும் இறுதிநிலை வருவாயும் சந்தை விலையும் ஒன்றாகிவிடுகின்றன.

முதல் டன்னுக்கு 250, நாலாவதுக்கு 200, எட்டாவதுக்கு 275. இறுதிநிலைச் செலவு ஏன் இப்படி இறங்கி ஏறுகிறது?

ஆலைக்குள் போய்ப் பார்த்தால் புரியும். ஒரு டன் நூற்றாலும் ஈரப்பதக் கருவி ஓட வேண்டும், கம்ப்ரெசர் ஓட வேண்டும், கார்டிங் பிரிவில் ஆள் நிற்க வேண்டும். அவை ஓடும் நாளில் மட்டும் வரும் செலவுகள். முதல் டன்னின் தலையில் அவை மொத்தமாக விழுகின்றன. இரண்டாவது, மூன்றாவது டன்னுக்கு அவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. பஞ்சு, ஸ்பின்னிங் ஃபிரேமுக்கான மின்சாரம், கூலி மட்டும் சேர்கின்றன.

நாலாவது டன்னுக்குப் பிறகு கதை மாறுகிறது. நல்ல ஃபிரேம்கள் எல்லாம் ஓடியாகிவிட்டன. இனி ஓட்ட வேண்டியவை பழையவை. அவற்றில் நூல் அதிகம் அறுகிறது, கழிவு கூடுகிறது. ஆட்களை ஓவர்டைமில் நிறுத்த வேண்டும். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. எட்டாவது டன் 275 ஆவதில் ஆச்சரியம் இல்லை.

பாடப்புத்தகம் 'குறைந்து செல் விளைவு விதி' என்று ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த வரி சரியானதுதான், ஆனால் பழைய ஃபிரேமும் இரட்டைக் கூலியும்தான் அதன் உடம்பு.

விலை கிலோ 260 ரூபாய் என்றால் எத்தனை டன் நூற்க வேண்டும்?

7 டன்.

ஒவ்வொரு டன்னையும் தனித்தனியாக விசாரியுங்கள். ஆறாவது டன்னுக்குச் செலவு 225, வரவு 260. மிச்சம் 35. சரி, நூற்கலாம். ஏழாவதுக்குச் செலவு 245, மிச்சம் 15. அதையும் நூற்கலாம். எட்டாவதுக்குச் செலவு 275, வரவு 260. அந்த ஒரு டன்னில் மட்டும் 15 போகிறது. எனவே ஏழோடு நிறுத்த வேண்டும்.

சரிபார்க்க மொத்தக் கணக்கையும் போடலாம். 7 டன்னில் வருவாய் 1,820, செலவு 1,735, இலாபம் 85. அதாவது நாளைக்கு 85 ஆயிரம் ரூபாய். 6 டன்னில் இலாபம் 70. 8 டன்னிலும் 70. இரண்டு பக்கமும் குறைகிறது என்றால் ஏழுதான் உச்சம் என்பது உறுதி.

தேர்வில் நேரம் இருந்தால் இந்த மூன்று வரிசைச் சரிபார்ப்பைக் கட்டாயம் செய்யுங்கள். கூட்டல் கழித்தலில் எங்காவது சறுக்கியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

P = MC, அதாவது விலையும் இறுதிநிலைச் செலவும் சமம் என்று படித்தோம். அட்டவணையில் இரண்டும் சமமாகவே வரவில்லையே?

அட்டவணை முழு டன்களில் தாவுகிறது, அதனால் சமமாக வர வேண்டிய கட்டாயம் இல்லை. இறுதிநிலைச் செலவு விலைக்கு மேல் போகாத கடைசி டன் எது என்று தேடுங்கள், போதும். அரை டன், கால் டன் என்று நுணுக்கமாகப் பிரித்தால் சமமாகும் இடம் கிடைத்துவிடும்.

சில சமயம் சரியாகவே சமமாகும். விலை 225 என்றால் ஆறாவது டன்னின் செலவும் 225. அந்த டன்னை நூற்றாலும் ஒன்றுதான், நூற்காவிட்டாலும் ஒன்றுதான்: 5 டன்னிலும் 6 டன்னிலும் நஷ்டம் அதே 140. பாடப்புத்தக வழக்கப்படி 6 என்று எழுதுவார்கள்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. விலை 220 என்று வைத்துப் பாருங்கள். இறுதிநிலைச் செலவு மிகச் சரியாக 220 ஆக இருப்பது இரண்டாவது டன்னில். 'சமமாகிவிட்டது, விடை 2 டன்' என்று எழுதினால் தவறு. 2 டன்னில் வருவாய் 440, செலவு 650, நஷ்டம் 210. ஆலையைப் பூட்டிப் போட்டிருந்தால்கூட நஷ்டம் 180-தான்! அந்த இடத்தில் இறுதிநிலைச் செலவு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த டன் 205, அதற்கடுத்தது 200. இலாபம் தரும் டன்களுக்கு முன்னாலேயே நின்றுவிட்டோம் என்று அர்த்தம். இறுதிநிலைச் செலவு ஏறிக்கொண்டிருக்கும் பக்கத்தில் விலையைத் தொடும் இடத்தைத்தான் எடுக்க வேண்டும். 220-க்குச் சரியான அளவு 5 டன், நஷ்டம் 165.

சராசரிச் செலவு எங்கே மிகக் குறைவோ அங்கே நூற்பதுதானே புத்திசாலித்தனம்?

பார்வைக்கு நியாயமாகத்தான் தெரியும். நம் அட்டவணையில் சராசரி மொத்தச் செலவு 7 டன்னில் மிகக் குறைவு, 247.86. விலை 280 ஆகட்டும். 7 டன் நூற்றால் கிலோவுக்கு 32 ரூபாய்க்குச் சற்று மேல் நிற்கும். 8 டன் நூற்றால் 28.75-தான். ஆனால் மொத்த இலாபம் 7 டன்னில் 225, 8 டன்னில் 230. வங்கிக்கு எடுத்துப் போவது கிலோவுக்கு எவ்வளவு நின்றது என்பதையா, மொத்தமாக எவ்வளவு நின்றது என்பதையா? எட்டாவது டன் 275-ல் ஆகி 280-க்குப் போகிறது, 5 கூடுதல். அதை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

விலை 230-க்கு இறங்கினால் நஷ்டம்தான் வருகிறது. நஷ்டத்தில் ஓட்டுவதற்குப் பேசாமல் நிறுத்திவிடலாமே?

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது, ஆலை நடத்துபவர்களையும் சேர்த்து. கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

230-க்கு மேல் போகாத கடைசி டன் ஆறாவது. 6 டன்னில் வருவாய் 1,380, மொத்தச் செலவு 1,490. நஷ்டம் 110. நிறுத்தினால் வருவாய் இல்லை, மாறும் செலவும் இல்லை. ஆனால் அந்த 180 அப்படியே நிற்கிறது. நஷ்டம் 180. ஆக, ஓட்டினால் 110, நிறுத்தினால் 180. ஓட்டுவதே மேல்.

இதை இன்னொரு வழியிலும் பார்க்கலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். 6 டன் விற்ற 1,380-லிருந்து பஞ்சு, மின்சாரம், கூலி எல்லாவற்றுக்கும் 1,310 கொடுத்துவிடுகிறீர்கள். கையில் 70 மிஞ்சுகிறது. அந்த 70-ஐ வட்டியில் ஒரு பகுதிக்குக் கட்டலாம். ஆலையைப் பூட்டினால் இந்த 70-ம் இல்லாமல், முழு வட்டியையும் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

180-க்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வங்கி வட்டி 110, மின்வாரியத்துக்குக் கட்டும் டிமாண்ட் சார்ஜ் 28, நிரந்தர ஊழியர் சம்பளமும் காப்பீடும் 42. இதில் டிமாண்ட் சார்ஜைக் கொஞ்சம் கவனியுங்கள். உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலை, தான் ஒப்பந்தம் செய்த மின்பளுவில் 90 சதவீதத்துக்காவது மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும், ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும். 2020 ஊரடங்கில் ஆலைகள் மூடிக் கிடந்தபோதும் இந்தக் கட்டணம் கேட்கப்பட்டு விவகாரம் நீதிமன்றம் வரை போனது. மாறாச் செலவு என்றால் என்ன என்று கேட்பவருக்கு அந்த மின் ரசீதைக் காட்டினாலே போதும். (நிறுத்தினால் மிச்சமாகும் 10 சதவீதத்தை நம் கணக்கில் விட்டுவிட்டேன். சேர்த்தால் எண் கொஞ்சம் நகரும், முடிவு மாறாது.)

அப்படியானால் எந்த விலையில் நிறுத்த வேண்டும்?

217-க்குக் கீழே போனால்.

சராசரி மாறும் செலவுப் பத்தியில் மிகச் சிறிய எண் 217, 5 டன் வரிசையில் இருக்கிறது. விலை அதற்கும் கீழே என்றால் எத்தனை டன் நூற்றாலும் பஞ்சுக்கும் கூலிக்கும் கொடுத்ததுகூடத் திரும்பாது. உதாரணத்துக்கு 212. இறுதிநிலை விதி சொல்லும் அளவு 5 டன், ஏனென்றால் ஐந்தாவது டன்னின் செலவு 210. வருவாய் 1,060, மாறும் செலவு 1,085. ஆலையைத் திறந்ததற்காகவே 25 கூடுதலாகப் போகிறது. மொத்த நஷ்டம் 205, பூட்டினால் 180. பூட்ட வேண்டியதுதான்.

மிகச் சரியாக 217 என்றால் இரண்டும் ஒன்றுதான், எப்படியும் 180 நஷ்டம். இதைத்தான் மூடும் புள்ளி என்கிறார்கள்.

212 உதாரணத்தில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். விலையும் இறுதிநிலைச் செலவும் சேரும் இடம் கிடைத்துவிட்டது, ஆனாலும் விடை பூஜ்ஜியம். அந்த விதி 'ஓட்டுவதாக இருந்தால் எத்தனை டன்' என்பதை மட்டும்தான் சொல்லும். 'ஓட்டலாமா' என்பது தனிக் கேள்வி. முதலாவதற்கு விடை கண்டுபிடித்து அந்த வரிசையின் சராசரி மாறும் செலவை விலையோடு ஒப்பிட்டால்தான் இரண்டாவது முடியும். விடைத்தாளில் முதல் பாதியோடு நிறுத்திவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. அதற்கு அடுத்தபடியாக நடக்கும் தவறு, விலையைச் சராசரி மொத்தச் செலவோடு ஒப்பிட்டு 230-லேயே ஆலையை மூடிவிடுவது.

மின்கட்டணம் ஏறினால் மூடும் புள்ளியும் ஏறுமா?

எந்தக் கட்டணம் என்பதைப் பொறுத்தது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு இரண்டுமே ஏறின. டிமாண்ட் சார்ஜ், மின்பளுவை அளக்கும் அலகான கேவிஏவுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. யூனிட் கட்டணம் 6.35-லிருந்து 6.75 ஆனது.

நம் ஆலைக்கு 1,500 கேவிஏ ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிமாண்ட் சார்ஜில் 200 ரூபாய் கூடினால் மாதம் 3 லட்சம், நாளைக்கு 10 ஆயிரம். அட்டவணையில் உள்ள 180, புதிய கட்டணப்படி. பழைய கட்டணத்தில் அது 170-ஆக இருந்திருக்கும். இந்த 10 எல்லா வரிசைக்கும், பூஜ்ஜிய வரிசை உட்பட, ஒரே மாதிரி ஏறுகிறது. எனவே எத்தனை டன் என்பதும் மாறாது, 217-ம் மாறாது. முதலாளியின் இலாபம் மட்டும் 10 குறையும். கோபம் வரும், நியாயமான கோபம்தான், ஆனால் நாளை காலை ஆலையைத் திறக்கலாமா என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

யூனிட்டுக்கு ஏறிய 40 காசு அப்படியல்ல. கிலோ நூலுக்கு 4 யூனிட் என்று வைத்தால் ஒவ்வொரு கிலோவிலும் 1.60 ரூபாய் ஏறும். இறுதிநிலைச் செலவும் சராசரி மாறும் செலவும் அந்த அளவு மேலே போகும், மூடும் புள்ளியும் கூடவே போகும். ரசீதில் இரண்டு வரியும் அடுத்தடுத்துத்தான் இருக்கும். பெரிய தொகை முதல் வரியில் ஏறியிருக்கலாம். ஆனால் உற்பத்தி முடிவைத் தொடுவது இரண்டாவது வரி.

நூல் விலை அப்படியே இருக்கிறது, பஞ்சு விலை மட்டும் ஏறுகிறது. அப்போது?

அப்போது நிலைமை சீக்கிரம் முற்றும், ஏனென்றால் நூலின் மாறும் செலவில் பெரும்பங்கு பஞ்சுதான்.

நூல் விலை 230-லேயே நிற்கட்டும். பஞ்சு கேண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, 4,000 ரூபாய் ஏறுகிறது. கிலோவுக்கு 11 ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு கிலோ நூலுக்குக் கழிவு போக 1.33 கிலோ பஞ்சு வேண்டுமென்றால், நூலில் கிலோவுக்கு ஏறத்தாழ 15 ரூபாய் ஏறிவிட்டது. இறுதிநிலைச் செலவுப் பத்தியில் ஒவ்வொரு எண்ணோடும் 15 கூட்டுங்கள். ஆறாவது டன் 240 ஆகிறது, கட்டாது. ஐந்தாவது 225, கட்டும். எனவே 5 டன். ஆனால் 5 டன்னில் சராசரி மாறும் செலவு இப்போது 232. விலையோ 230. வருவாய் 1,150, மாறும் செலவு 1,160. ஓட்டினால் நஷ்டம் 190, பூட்டினால் 180.

முன்பு 110 நஷ்டத்தோடு தைரியமாக ஓட்டிக்கொண்டிருந்த அதே ஆலை, நூல் விலை ஒரு ரூபாய்கூட இறங்காமலேயே மூடும் புள்ளியைத் தாண்டிவிட்டது. 2022-இல் பஞ்சு விலை கேண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் ஒரு கிலோ நூலுக்குள் பஞ்சு மட்டுமே 370 ரூபாய்க்கு மேல். நூல் விலையும் ஏறத்தான் செய்தது. ஆனால் ஆலைகள் பார்த்தது விலை எவ்வளவு என்பதை அல்ல, பஞ்சுக்கும் நூலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதை. கூலிக்கு நூற்றுக் கொடுக்கும் ஆலைகளுக்கு இது இன்னும் நேரடியாகத் தெரியும். பஞ்சு அவர்களுடையது அல்ல, எனவே கிலோவுக்குக் கிடைக்கும் கூலி மின்சாரத்தையும் ஆள் சம்பளத்தையும் தாண்டுகிறதா என்பது மட்டும்தான் அவர்கள் கணக்கு.

பஞ்சை உச்ச விலையில் வாங்கிக் குடோனில் அடுக்கிவிட்டேன். இப்போது விலை விழுந்துவிட்டது. எந்த விலையைக் கணக்கில் எடுக்க வேண்டும்?

இன்றைய விலையை. வாங்கிய விலை போய்விட்டது, ஓட்டினாலும் திரும்பாது, பூட்டினாலும் திரும்பாது. இன்று அந்தப் பேலை விற்றால் என்ன கிடைக்குமோ அதுதான் அதை நூலாக்குவதால் நீங்கள் கைவிடும் தொகை, அதாவது வாய்ப்புச் செலவு.

பழைய விலையைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் சராசரி மாறும் செலவு பொய்யாகப் பெருத்துக் காட்டும், ஓட்ட வேண்டிய ஆலையை மூடத் தோன்றும். மறுபக்கமும் உண்டு. மலிவாக வாங்கி வைத்த பஞ்சு இப்போது ஏறியிருந்தால், பழைய விலையில் கணக்கு இலாபமாகத் தெரியும். உண்மையில் பஞ்சாகவே விற்றிருந்தால் அதிகம் கிடைத்திருக்கும். கணக்குப்பிள்ளையின் ஏட்டில் வாங்கிய விலை இருக்கட்டும், வரிக்கு அது வேண்டும். நாளைக்கு ஓட்டுவதா என்பதற்கு வேண்டாம்.

2023-இல் நூற்பாலைகள் சங்கமாகச் சேர்ந்து உற்பத்தி நிறுத்தம் அறிவித்தனவே. அதுவும் இந்தக் கணக்குத்தானா?

பாதிதான். 2023 ஜூலை 15 முதல் உற்பத்தியை நிறுத்துவதாகத் தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர நூற்பாலைச் சங்கங்கள் அறிவித்தன. நூல் விற்று வரும் பணம் அன்றாடச் செலவுக்கே கட்டவில்லை என்ற முறையீடு நம் 212 உதாரணத்தைப் போன்றது.

ஆனால் 'சேர்ந்து நிறுத்துகிறோம்' என்பது நிறைவுப் போட்டி மாதிரிக்கு வெளியே இருக்கிறது. மாதிரியில் ஒவ்வொரு ஆலையும் தன் அட்டவணையைப் பார்த்துத் தனியாக முடிவெடுக்கும், அது நிறுத்தினாலும் சந்தை விலை அசையாது. எல்லோரும் ஒன்றாக நிறுத்தினால் வரத்து குறைந்து விலை அசையும், அரசின் காதிலும் விழும். அதனால்தான் அறிவிப்பே வருகிறது. நல்ல இயந்திரம் வைத்திருக்கும், மூடும் புள்ளி குறைவாக உள்ள ஆலைக்கு இந்தச் சமயத்தில் ரகசியமாக ஓட்டும் ஆசை வரும், ஏனென்றால் அதன் சொந்த அட்டவணை 'ஓட்டு' என்றுதான் சொல்லும். இத்தகைய கூட்டு நிறுத்தங்களை நீண்ட நாள் காப்பாற்றுவது கடினம் என்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

கேள்வியின் கடைசியில் 'நிறுவனத்தின் அளிப்புக் கோட்டை வரைக' என்று கேட்கிறார்கள்.

புதிதாக ஒன்றும் கணக்கிட வேண்டாம். 217-க்குக் கீழே எந்த விலைக்கும் அளிப்பு பூஜ்ஜியம். 217 முதல் 225 வரை 5 டன், 225 முதல் 245 வரை 6 டன், 245 முதல் 275 வரை 7 டன், அதற்கு மேல் 8 டன். சராசரி மாறும் செலவின் அடிப்பகுதிக்கு மேலே உள்ள இறுதிநிலைச் செலவுக் கோடுதான் இது. பூஜ்ஜியத்திலிருந்து 5-க்கு ஒரே தாவலாகத் தாவும். அந்த இடைவெளியில் 1, 2, 3 டன் என்று எந்தப் புள்ளியும் வராது. அதை ஒரு வழுவழுப்பான கோடாக இணைத்து வரைந்துவிடாதீர்கள்.

தற்காலிகமாக நிறுத்துவதும் தொழிலை விட்டே போவதும் ஒன்றா?

இல்லை. பூட்டு போட்டாலும் 180 ஓடிக்கொண்டே இருக்கும் காலம்தான் குறுகிய காலம். கடன் தவணை முடிந்து, மின் ஒப்பந்தத்தைக் குறைத்து, இயந்திரத்தை விற்றுவிட முடியும் என்ற நிலை வந்தால் 180-ம் தவிர்க்கக்கூடிய செலவாகிவிடும். அப்போது ஒப்பிட வேண்டியது சராசரி மொத்தச் செலவின் அடிப்பகுதியை, அதாவது ஏறத்தாழ 248-ஐ.

217-க்கும் 248-க்கும் நடுவில் விலை நிற்கும் காலத்தில் ஆலைகள் ஒரு விசித்திரமான நிலையில் ஓடும். ஓட்டுவது சரி, ஆனால் புது ஃபிரேம் வாங்குவது சரியல்ல. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆலை நன்றாக நடப்பதாகத்தான் தெரியும், சத்தம் கேட்கும், லாரி வந்து போகும். உள்ளே பத்து வருடமாக இயந்திரம் மாறியிருக்காது. விலை அப்படியே நீடித்தால், ஒவ்வொரு கடனும் முடியும்போது ஒவ்வோர் ஆலையாக வெளியேறும்.

நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டுவதற்கும் செலவாகுமே? அட்டவணையில் அது இல்லையே?

இல்லைதான், பாடப்புத்தக அட்டவணைகளில் அது பெரும்பாலும் இருக்காது. நிஜத்தில் இருக்கிறது. ஃபிரேம்களைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டும்போது முதல் சில மணி நேர நூல் கழிவாகப் போகும். வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டால் திரும்பக் கூட்டி வர முன்பணமும் பயணச் செலவும் ஆகும். வழக்கமாக வாங்குபவர் வேறு ஆலையைப் பழக்கப்படுத்திக்கொள்வார்.

நிறுத்தித் திறக்க மொத்தம் 150 ஆயிரம் ஆகும் என்று வையுங்கள். விலை 212. நிறுத்தினால் நாளைக்கு மிச்சமாவது 205-க்கும் 180-க்கும் உள்ள வித்தியாசம், 25. அப்படியானால் 150-ஐ ஈடுகட்ட 6 நாள் வேண்டும். ஆறு நாளுக்குள் விலை 217-ஐத் தாண்டித் திரும்பிவிடும் என்று நம்பினால் 212-லும் ஓட்டிக்கொண்டிருப்பதே கட்டும். ஒரு மாதம் இப்படியே இருக்கும் என்று தோன்றினால் இன்றே நிறுத்துவது மேல். விலை 200-க்கு விழுந்தாலோ, ஓட்டினால் குறைந்தபட்ச நஷ்டம் 255 (4 டன்). நிறுத்தினால் நாளைக்கு 75 மிச்சம், 2 நாளிலேயே அந்த 150 ஈடாகிவிடும்.